ஒரு மணி நேர உழைப்பின் விலை: வீட்டு அழகு நிலையத்தில் கட்டணம் கணக்கிடும் முறை

வீட்டின் ஓர் அறையில் அழகு நிலையம் நடத்தும் வாடிக்கையாளர்கள் பலர் நம் கிளைகளுக்கு வருகின்றனர். அவர்களிடம் கட்டணத்தை எவ்வாறு முடிவு செய்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே வகையான விடை கிடைக்கிறது. அடுத்த தெருவில் உள்ள நிலையத்தில் ஃபேஷியலுக்கு ஐந்நூற்றைம்பது ரூபாய் வாங்குகிறார்கள். நாம் வீட்டில்தானே செய்கிறோம் என்று ஐந்நூறு வைத்தோம் என்பார்கள். இவ்வாறு வைத்த விலை சரியாக அமைந்துவிடுவதும் உண்டு. ஆனால் எந்தச் சேவை வருவாய் தருகிறது, எது கைப்பணத்தைத் தின்கிறது என்பது அதில் தெரியாது. நாள் முழுவதும் நின்று உழைத்தும் மாதக் கடைசியில் கணக்கில் பணம் தங்காததன் காரணம் பல வேளைகளில் இங்கேதான் இருக்கிறது.

அழகு நிலையம் விற்பது இரண்டு பொருள்கள். ஒன்று, உடலில் பூசப்படும் கிரீம், மெழுகு முதலிய பொருட்கள். மற்றொன்று, உழைப்பவரின் நேரம். பொருளின் விலை சேவைக்குச் சேவை மாறும். நேரத்தின் விலையோ எல்லாச் சேவைக்கும் ஒன்றே. ஆகையால் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று முதலில் கண்டுபிடித்துவிட்டால், எந்தச் சேவைக்கும் கட்டணத்தை எளிதில் வகுத்துவிடலாம். அந்த வழியை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாகக் காண்போம்.

பெங்களூரின் புறநகர்ப் பகுதியில் வாடகை வீட்டில் வசிக்கும் ஒரு பெண்மணி, ஓர் அறையை ஒதுக்கித் தனியொருவராக அழகு நிலையம் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் தொகைகள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊரின் விலைகளை அவ்விடங்களில் இட்டுக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மாதச் செலவு: அறை முதல் வட்டி வரை

முதலாவது வாடகை. வீட்டு வாடகை மாதம் 18,000 ரூபாய். வீட்டின் பரப்பு 600 சதுர அடி. நிலையத்துக்கு ஒதுக்கிய அறை 100 சதுர அடி. ஆறில் ஒரு பங்கு என்பதால் அறையின் வாடகை 3,000 ரூபாய். வாடிக்கையாளர் காத்திருக்கக் கூடத்தின் ஒரு பகுதியையும் பயன்படுத்தினால் அதற்கும் ஒரு சிறு பங்கைச் சேர்க்க வேண்டும். சொந்த வீடுதானே, வாடகை ஏது என்று எண்ணுவோர் உண்டு. அந்த அறையை வேறொருவருக்கு விட்டிருந்தால் எவ்வளவு வந்திருக்குமோ, அதுவே அறையின் செலவு. அதைச் சேர்க்காமல் விலை வைத்துப் பழகியவர், பின்னாளில் தொழில் வளர்ந்து வெளியே கடை எடுக்கும்போது திடீரென்று எல்லா விலைகளையும் உயர்த்த நேரிடும். வாடகை வீட்டில் இருப்போர், தொழில் நடத்த வீட்டு உரிமையாளரின் இசைவையும் குடியிருப்புச் சங்கத்தின் விதிகளையும் முன்னதாகவே அறிந்துகொள்வது நல்லது.

இரண்டாவது மின்சாரம். நிலையம் தொடங்குவதற்கு முந்தைய மாதங்களின் ரசீதையும் பிந்தைய மாதங்களின் ரசீதையும் ஒப்பிட்டால் வேறுபாடு தெரிந்துவிடும். ஸ்டீமர், ஹேர் டிரையர், வெந்நீர்க் கருவி ஆகியவற்றால் மாதம் 900 ரூபாய் கூடுகிறது என்று கொள்வோம். வீட்டில் தொழில் நடத்துவோருக்கான மின் கட்டண விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறுவது அவசியம். தண்ணீர், துண்டு துவைத்தல், அறையைத் துப்புரவு செய்தல் ஆகியவற்றுக்கு 400 ரூபாய். தொலைபேசி, இணையம் ஆகியவற்றில் தொழிலுக்கான பங்கு 300 ரூபாய். பழுதுபார்ப்பு, உள்ளாட்சி உரிமக் கட்டணம், விளம்பரத் தாள் போன்ற சில்லறைச் செலவுகளுக்கு 430 ரூபாய்.

மூன்றாவது கருவிகளின் தேய்மானம். சாய்வு நாற்காலி, ஃபேஷியல் கட்டில், கண்ணாடி, ஸ்டீமர், வேக்ஸ் ஹீட்டர், ஹேர் டிரையர் எல்லாம் சேர்த்து 57,600 ரூபாய் ஆயிற்று. சராசரியாக நான்கு ஆண்டுகள் உழைக்கும் என்று கொண்டால், நாற்பத்தெட்டு மாதங்களால் வகுக்க, மாதம் 1,200 ரூபாய்.

நான்காவது கடன் வட்டி. முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் கிடைக்கிறது. நம் எடுத்துக்காட்டில் அவர் 50,000 ரூபாயை ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் மூன்று ஆண்டுகளுக்குப் பெற்றிருக்கிறார் என்று கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 1,661 ரூபாய். இந்தத் தவணை முழுவதையும் செலவுக் கணக்கில் எழுதிவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. தவணையில் அசல் என்னும் பகுதி, கருவிகள் வாங்கிய பணமே. அது தேய்மானமாக முன்னரே கணக்கில் வந்துவிட்டது. மீண்டும் சேர்த்தால் ஒரே செலவை வாடிக்கையாளர் இரு முறை சுமப்பார். வட்டி மட்டுமே புதிய செலவு. மூன்று ஆண்டு வட்டியை மாதங்களால் வகுக்க, சராசரியாக 270 ரூபாய் வருகிறது.

இவற்றைக் கூட்டுவோம்.

அறை வாடகை 3,000
மின்சாரம் 900
தண்ணீர், துப்புரவு 400
தொலைபேசி, இணையம் 300
கருவித் தேய்மானம் 1,200
கடன் வட்டி 270
சில்லறைச் செலவுகள் 430
மொத்தம் 6,500 ரூபாய்

உங்கள் ஊதியமும் ஒரு செலவே

வாடகையை மறவாமல் எழுதுவோர்கூடத் தம் ஊதியத்தை எழுதுவதில்லை. மிஞ்சுவது எனக்கு என்பது அவர்கள் எண்ணம். ஆனால் மிஞ்சுவது எவ்வளவு இருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லாவிட்டால், விலை அதற்கேற்ப அமையாது. அதே திறமையும் அனுபவமும் கொண்ட ஒருவர் வேறொரு நிலையத்தில் பணிக்குச் சென்றால் என்ன ஊதியம் பெறுவார் என்று விசாரித்து, அத்தொகையை எழுதிக்கொள்ளலாம். நம் எடுத்துக்காட்டில் அது 18,000 ரூபாய். முன்னர்க் கண்ட 6,500 ரூபாயுடன் சேர்த்தால், மாதம் ஈட்டியாக வேண்டிய தொகை 24,500 ரூபாய். பூச்சுப் பொருட்களின் செலவு இதில் இன்னும் சேரவில்லை. அது தனியே வரும்.

எந்த மணி நேரத்தால் வகுப்பது?

இந்தக் கணக்கின் உயிர்நாடி இவ்விடத்தில்தான் உள்ளது. நிலையம் காலை 10 மணி முதல் மாலை 6 மணி வரை திறந்திருக்கிறது. மதிய இடைவேளை ஒரு மணி நேரம் போக, நாளுக்கு 7 மணி நேரம். மாதத்தில் 26 நாட்களுக்கு 182 மணி நேரம். 24,500 ரூபாயை 182-ஆல் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 135 ரூபாய் வரும். மலிவான, மனத்துக்கு இதமான எண். ஆனால் இது தவறான எண்.

ஏனெனில், திறந்திருக்கும் நேரம் முழுவதும் வாடிக்கையாளர் அமர்ந்திருப்பதில்லை. காலை வேளைகள் காலியாகக் கழிகின்றன. சந்தைக்குச் சென்று பொருள் வாங்கவும், தொலைபேசியில் பதில் சொல்லவும், கணக்கு எழுதவும் நேரம் செலவாகிறது. இந்த நேரத்துக்கு யாரும் பணம் தருவதில்லை. பணம் தரும் நேரத்தை மட்டும் கட்டண நேரம் என்று அழைப்போம். மாதச் செலவு முழுவதையும் தாங்க வேண்டியது அந்த நேரமே.

அதைக் கண்டறிய ஒரு குறிப்பேடு போதும். நான்கு வாரங்களுக்கு ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் எழுதி வாருங்கள். தொடக்கம் என்பது அவருக்காகத் தட்டை எடுத்து வைக்கும் கணம். முடிவு என்பது அவர் சென்றபின் கட்டிலைத் துடைத்து, கருவிகளைக் கழுவி, அடுத்தவருக்கு இடத்தை ஒழுங்கு செய்த கணம். நம் எடுத்துக்காட்டில் இவ்வாறு எழுதியபோது மாதக் கட்டண நேரம் 98 மணி என்று தெரியவருகிறது. திறந்திருக்கும் நேரத்தில் பாதியைச் சற்றே தாண்டுகிறது. 24,500 ரூபாயை 98-ஆல் வகுத்தால் மணிக்கு 250 ரூபாய்.

135-க்கும் 250-க்கும் இடையே உள்ள தொலைவைக் கவனியுங்கள். முதல் எண்ணை நம்பி விலை வைத்தவர், ஒவ்வொரு கட்டண மணியிலும் 115 ரூபாயைத் தம் ஊதியத்திலிருந்து இழந்துகொண்டே இருப்பார். மாதத்துக்கு அது பதினோராயிரம் ரூபாயைத் தாண்டும்.

ஓர் எச்சரிக்கை. திருமண முகூர்த்தங்கள் நிறைந்த மாதத்தில் கட்டண நேரம் 125 மணியாக உயரலாம். அப்போது மணிக்கான செலவு 196 ரூபாயாகக் குறையும். ஆடி போன்ற மந்தமான மாதத்தில் 70 மணியாகச் சுருங்கினால் அதே செலவு 350 ரூபாயாக ஏறும். ஆகவே நெரிசலான ஒரு மாதத்தை மட்டும் வைத்து விலையை முடிவு செய்யக் கூடாது. முதலில் ஒரு மாதக் குறிப்பை வைத்துத் தொடங்கி, ஆண்டு முழுவதும் குறித்து வந்து, பன்னிரண்டு மாதச் சராசரியால் திருத்திக்கொள்வதே முறை.

நிமிடத்துக்கு ஐந்து ரூபாய்

250 ரூபாய் என்பது அடக்க விலை. அதில் எதிர்பாரா இழப்புக்கும் வளர்ச்சிக்கும் இடமில்லை. செய்த வேலையைத் திருத்திக் கொடுக்க நேரும் நாட்கள், உடல்நலம் குன்றி மூடும் நாட்கள், புதிய பயிற்சிக்கான கட்டணம் ஆகியவற்றுக்காக 20 விழுக்காடு சேர்த்தால் மணிக்கு 300 ரூபாய் ஆகிறது. நிமிடத்துக்கு 5 ரூபாய். மனத்தில் இருத்திக்கொள்ள எளிய எண்.

இனிப் பொருட்கள். இங்கே ஊகம் உதவாது. சமையலறைத் தராசு உதவும். வேக்சிங் தொடங்குமுன் மெழுகு டின்னை எடை போட்டு, முடித்தபின் மீண்டும் எடை போட்டால் செலவான அளவு தெரியும். 600 கிராம் டின் 300 ரூபாய் என்றால் கிராமுக்கு 50 பைசா. இரு கைகளுக்கும் 60 கிராம் செலவானால் மெழுகு 30 ரூபாய். துணிப்பட்டைகள் 12 ரூபாய். பவுடர், லோஷன், கையுறை 8 ரூபாய். ஆக 50 ரூபாய். ஃபேஷியல் கிட்டின் உறையில் ஆறு முறைக்கு என்று அச்சிட்டிருந்தாலும், நம் கையில் ஐந்து முறைக்கே வந்தால் ஐந்தால்தான் வகுக்க வேண்டும். 600 ரூபாய் கிட்டுக்கு ஒரு முறைக்கு 120 ரூபாய். பஞ்சு, கட்டிலில் விரிக்கும் காகித விரிப்பு 20 ரூபாய். சிந்துவது, காலாவதியாவது ஆகியவற்றுக்கு 10 ரூபாய். ஆக 150 ரூபாய்.

பொருளை வாங்கியபோது தந்த முழு விலையையும் எழுத வேண்டும். ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள சேவைத் தொழில்களுக்குப் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. சில சிறப்பு வகை மாநிலங்களில் இந்த வரம்பு 10 லட்சம். பதிவு பெறாதவர் வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி வசூலிக்க இயலாது. பொருள் வாங்கும்போது செலுத்திய வரியைத் திரும்பப் பெறவும் இயலாது. எனவே அந்த வரியும் பொருளின் செலவில் ஒரு பகுதியே.

நான்கு சேவைகளின் கணக்கு

இப்போது வாய்பாடு தயார்: கட்டணம் என்பது நிமிடங்களை ஐந்தால் பெருக்கி, பொருட்செலவைக் கூட்டியது.

புருவம் திருத்துதல்: 10 நிமிடம், பொருள் 3 ரூபாய், கட்டணம் 53. இதுவரை வாங்கியது 50.
கைகளுக்கு வேக்சிங்: 35 நிமிடம், பொருள் 50 ரூபாய், கட்டணம் 225. இதுவரை வாங்கியது 200.
ஃபேஷியல்: 75 நிமிடம், பொருள் 150 ரூபாய், கட்டணம் 525. இதுவரை வாங்கியது 500.
பெடிக்யூர்: 70 நிமிடம், பொருள் 60 ரூபாய், கட்டணம் 410. இதுவரை வாங்கியது 300.

பழைய விலைகளை வேறொரு வகையிலும் சோதிக்கலாம். வாங்கும் கட்டணத்திலிருந்து பொருட்செலவைக் கழித்து, மிச்சம் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். புருவம் திருத்துதலில் பத்து நிமிடத்துக்கு 47 ரூபாய் மிஞ்சுகிறது. மணிக்கு 282 ரூபாய். ஃபேஷியலில் மணிக்கு 280. வேக்சிங்கில் 257. இவை மூன்றும் அடக்க விலையான 250-ஐத் தாண்டுகின்றன. பெடிக்யூரில் மட்டும் மணிக்கு 206 ரூபாய்தான்.

பொருள் அறுபது ரூபாய்தான், இருநூற்று நாற்பது மிச்சம் என்று தோன்றிய பெடிக்யூரே நான்கிலும் நட்டம் தருவதாக முடிந்திருக்கிறது. காரணம் கால்களைப் பராமரிக்கும் ஐம்பது நிமிடம் அன்று. வெந்நீர் காய்ச்சுதல், தொட்டியை நிரப்புதல், பின்னர் அதைத் தேய்த்துக் கழுவிக் கிருமிநாசினி இடுதல் ஆகியவற்றுக்கு ஆகும் இருபது நிமிடமே. அந்த நேரம் வாடிக்கையாளர் கண்ணில் படுவதில்லை. குறிப்பேடு இல்லாவிட்டால் நம் கண்ணிலும் படுவதில்லை.

விலையை ஒரேயடியாக 410-க்கு உயர்த்தினால் வாடிக்கையாளர் தயங்கலாம். அதற்கு முன் நேரத்தைக் குறைக்க வழி உண்டா என்று பார்க்க வேண்டும். தொட்டிக்குள் ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் உறையை இட்டால், அதன் விலை 10 ரூபாய்; ஆனால் துப்புரவு நேரம் பத்து நிமிடம் குறைகிறது. பொருட்செலவு 70 ரூபாயாகிறது. மொத்த நேரம் 60 நிமிடமாகிறது. கட்டணத்தை 350 ரூபாய் என்று வைத்தால் பொருள் போக மணிக்கு 280 ரூபாய் கிடைக்கிறது. பிற சேவைகளுக்கு இணையாகிவிட்டது. வாய்பாடு தரும் தொகையான 370 ரூபாயைச் சில மாதங்கள் கழித்து எட்டலாம்.

தலைமுடிக்குச் சாயம் இடுதல் போன்ற சேவைகளில் சாயம் பிடிக்கும்வரை காத்திருக்கும் நேரம் உண்டு. அந்நேரத்தில் மற்றொருவருக்குப் புருவம் திருத்தினால், அந்த நிமிடங்களை இருவர் கணக்கிலும் எழுதக் கூடாது. வெறுமனே காத்திருந்தால், அது சாயத்தின் கணக்கில்தான் சேரும். வாடிக்கையாளரின் இல்லத்துக்குச் சென்று பணி செய்யும்போது பயண நேரமும் கட்டண நேரமே. போய்வர நாற்பது நிமிடமும் ஆட்டோவுக்கு 120 ரூபாயும் ஆனால், சேவைக் கட்டணத்துக்கு மேல் 320 ரூபாய் சேர வேண்டும்.

தள்ளுபடி எவ்வளவு தாங்கும்?

பண்டிகைக் காலத்தில் 20 விழுக்காடு தள்ளுபடி என்று பலகை வைப்பது வழக்கம். நாம் சேர்த்ததும் 20 விழுக்காடுதானே, இலாபம்தான் போகும், நட்டமில்லை என்று தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது. நாம் 20 விழுக்காட்டைச் சேர்த்தது நேரத்தின் மீது மட்டும். தள்ளுபடி தருவதோ மொத்தக் கட்டணத்தின் மீது. 525 ரூபாய் ஃபேஷியலில் அடக்கம் ஏறக்குறைய 463 ரூபாய். இலாபம் 62 ரூபாய். தள்ளுபடியோ 105 ரூபாய். 420 ரூபாய்க்குச் செய்யும் ஒவ்வொரு ஃபேஷியலிலும் 43 ரூபாய் சொந்த ஊதியத்திலிருந்து போகிறது.

ஆயினும் தள்ளுபடிக்கு ஓர் இடம் உண்டு. செவ்வாய்க்கிழமை காலை போன்ற வெறிச்சோடிய வேளையில் வாடகையும் தேய்மானமும் எப்படியும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அப்போது வரும் வாடிக்கையாளர் பொருட்செலவையும் நம் ஊதியத்தையும் தந்தாலே போதும். ஊதியம் மட்டும் மணிக்கு 184 ரூபாய். 75 நிமிடத்துக்கு 230. பொருளுடன் சேர்த்து 380. எனவே அந்த வேளையில் 420 ரூபாய் என்பது ஏற்கத்தக்கதே. ஆனால் சனிக்கிழமை முழுக் கட்டணத்துக்கு வந்துகொண்டிருந்தவரே செவ்வாய்க்கு மாறிவிட்டால் அது தள்ளுபடியாக அமையாது, இழப்பாகவே அமையும். குறிப்பேட்டில் வாடிக்கையாளர் புதியவரா பழையவரா என்று ஒரு குறி இட்டு வந்தால் இது புலப்படும்.

வங்கிக் கணக்கில் சரிபார்த்தல்

இத்தனை கணக்கும் காகிதத்தில் நின்றுவிடாமல் இருக்க, தொழிலுக்கெனத் தனி வங்கிக் கணக்கு வைத்து, கியூஆர் குறியீடு வழியாக வரும் தொகையும் ரொக்கமும் அதிலேயே சேர வேண்டும். மாதம் ஒரு நாள் 18,000 ரூபாயை ஊதியமாகக் குடும்பக் கணக்குக்கு மாற்றுங்கள். கடன் தவணை 1,661 ரூபாய். நாம் கட்டணத்தில் சேர்த்த தேய்மானமும் வட்டியும் 1,470 ரூபாய். குறைவுபடும் 191 ரூபாய் இலாபத்திலிருந்து செல்லும். மூன்று ஆண்டுகளில் கடன் தீர்ந்தபின், தேய்மானத் தொகையான 1,200 ரூபாயைத் தொடர் வைப்புக் கணக்கில் மாதந்தோறும் செலுத்தி வந்தால், ஸ்டீமரோ நாற்காலியோ பழுதாகும் நாளில் புதியது வாங்கப் பணம் காத்திருக்கும்.

மாதக் கடைசியில் ஒரே ஒரு சோதனை போதுமானது. குறிப்பேட்டில் உள்ள மொத்தக் கட்டண நிமிடங்களை ஐந்தால் பெருக்கி, அம்மாதத்தில் செலவான பொருட்களின் விலையைக் கூட்டுங்கள். கணக்கில் வந்த தொகையோடு ஒப்பிடுங்கள். வந்த தொகை குறைவாக இருந்தால், ஏதோ ஒரு சேவை வாய்பாடு தரும் தொகைக்குக் கீழே விற்கப்படுகிறது, அல்லது ஏதோ ஒரு நேரம் இலவசமாகத் தரப்படுகிறது என்று பொருள். இரண்டும் சமமாக இருந்தும் கையில் பணம் தங்கவில்லையெனில், கட்டண நேரம் 98 மணிக்குக் கீழே இறங்கியிருக்கும். முன்னதற்குத் தீர்வு விலையைத் திருத்துவது. பின்னதற்குத் தீர்வு விலையில் இல்லை, காலியாகக் கிடக்கும் வேளைகளை நிரப்புவதில் இருக்கிறது.